ஒரு வரியில் ஐந்து சொற்கள்

தமிழ் நாவல்களில் பல டெமி அளவில் அச்சாகின்றன. ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்ட அந்தப் பக்கத்தில், ஓரங்களுக்கு இடம் விட்டபின் ஒரு வரிக்குக் கிடைக்கும் நீளம் ஏறத்தாழ நான்கு அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்ற கணினி அச்சுக் கணக்கில் 288 பாயிண்ட். எழுத்தின் அளவு 11 பாயிண்ட் என்றால் இந்த நீளத்துக்குள் ஐந்து அல்லது ஆறு தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். ஆங்கிலமாக இருந்தால் பத்து, பன்னிரண்டு சொற்கள் உட்கார்ந்துவிடும். தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்தில் சொற்களுக்கு நடுவே ஒரு வரியில் பள்ளமும் அடுத்த வரியில் நெரிசலுமாகத் தெரிவதற்கு முதல் காரணம் இந்தக் கணக்கே.

வரியின் இடது, வலது விளிம்புகள் இரண்டும் நேராக நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவுடன், வரியில் மீந்துபோகும் இடத்தை எங்காவது கரைத்தாக வேண்டும். அது சொற்களுக்கு நடுவிலுள்ள வெளிகளில்தான் கரைகிறது. மீதி எவ்வளவு இருக்கும் என்பதை, அந்த வரியில் இடமில்லாமல் கீழே இறங்கிய சொல்லின் நீளம் தீர்மானிக்கிறது. தமிழ்ச்சொல் நீளமானது, ஆகவே மீதியும் அதிகம். அதைப் பங்குபோட இருக்கும் வெளிகளோ நாலைந்துதான். இரண்டு பக்கமும் இழப்பு. ஆங்கிலத்துக்கென்று வகுத்த அளவுகளை மாற்றாமல் தமிழ் நாவலுக்கும் போட்டுவிட்டு, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாதது இதனால்தான்.

ஒரு வரியை எடுத்து அளந்து பார்க்கலாம். 'அன்று மாலை திண்ணையில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெருமுனையில் ஒரு வண்டி திரும்புவது தெரிந்தது' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. வழக்கமான அகலமுள்ள ஓர் எழுத்துருவில், 11 பாயிண்டில், 'அன்று' முதல் 'மழையைப்' வரையுள்ள ஐந்து சொற்களும் சுமார் 225 பாயிண்ட் இடம் பிடிக்கும். அடுத்து வரும் நீண்ட சொல்லுக்கு மட்டும் 160 பாயிண்டுக்கு மேல் வேண்டும். அதாவது பாதி வரிக்கும் அதிகம். அது மேல்வரியில் நுழைய வழியே இல்லை. எனவே மென்பொருள் அதை முழுதாகக் கீழே இறக்கிவிடுகிறது. மீந்த 63 பாயிண்டை நான்கு வெளிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 16 பாயிண்ட். அந்த எழுத்துருவில் இயல்பான சொல்வெளி 3 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், இது ஐந்து மடங்குக்கும் மேல். எழுத்தின் உயரத்தைவிடவும் பெரிய ஓட்டைகள் நான்கு, ஒரே வரியில்.

அதே சொல்லை 'பார்த்துக்' என்ற இடத்தில் உடைத்து, அந்தத் துண்டை மட்டும் மேலே வைத்தால் கதை மாறுகிறது. துண்டுக்கு 41 பாயிண்ட் போக மீதி 22. இப்போது வெளிகளும் ஐந்து. ஒவ்வொன்றும் நாலரை பாயிண்டுக்குச் சற்றுக் குறைவு. இயல்பைவிடக் கொஞ்சம் அகலம்தான், ஆனால் கண் அதைக் கவனிக்காமல் கடந்துவிடும். 'பார்த்' என்பதோடு நிறுத்தினால் வெளி ஏழரை பாயிண்டாக ஏறிவிடும். 'பார்த்துக்கொண்' வரை இழுத்தால் இடம் போதாது. ஆக, இந்த வரிக்குச் சரியான முறிவு ஒன்றே ஒன்று. அதை மென்பொருள் கண்டுபிடித்ததா, கண்டுபிடிக்க அனுமதிக்கப்பட்டதா என்பதுதான் உள்பக்கங்களைச் சரிபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இன்று பக்க வடிவமைப்பு பெரும்பாலும் இன்டிசைனில் நடக்கிறது. அதில் பத்தியை வரிகளாக உடைக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு வரியையும் தனித்தனியே நிரப்பிக்கொண்டு போவது. மற்றது, பத்தி முழுவதையும் ஒருசேர எடைபோட்டு, மொத்தத்தில் கேடு குறைவான உடைப்பைத் தேர்வது. இந்த இரண்டாவது வழியின் கணிதத்தை டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். நூத் உருவாக்கிய டெக் மென்பொருள் அந்த முறையில்தான் இயங்குகிறது. வெளி எவ்வளவு நீள்கிறது என்பதன் மூன்றாம் அடுக்கில் வரியின் கேடு ஏறும் என்று வைத்ததுதான் அதன் சூட்சுமம். வெளியின் நீட்சி இரு மடங்கானால் கேடு எட்டு மடங்கு. அதனால் ஒரு வரி மிக மோசமாக இருப்பதைவிட, மூன்று வரிகள் சற்றே தளர்ந்திருப்பதை அந்தக் கணக்கு விரும்புகிறது. கண்ணும் அப்படித்தான் விரும்புகிறது.

தமிழுக்கு இன்டிசைனில் `World-Ready Paragraph Composer` என்ற தேர்வு வேண்டும். பத்தியை முழுதாகப் பார்ப்பதோடு, கொம்பும் காலும் சேர்ந்த தமிழ் எழுத்தை ஒரே அலகாகக் கையாள்வதும் அதுதான். கூடவே, பத்தி வடிவத்தில் மொழி 'தமிழ்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பல கோப்புகளில் மொழி ஆங்கிலமாகவே கிடக்கும். அப்போது தமிழ்ச்சொல் எங்கே உடையலாம் என்ற விதி மென்பொருளுக்குத் தெரியாது. அது எந்தச் சொல்லையும் உடைக்காது. மேலே அளந்த வரியின் 16 பாயிண்ட் ஓட்டைகள் அங்கிருந்துதான் வருகின்றன. பத்தி முழுவதையும் எடைபோடும் முறைகூட இங்கே அதிகம் உதவாது. முந்தைய வரிக்கு 'அன்று', 'மாலை' இரண்டையும் ஏற்றிவிட்டாலும்கூட அந்த நீண்ட சொல்லுக்கு இந்த வரியில் இடம் பிறக்காது. உடைக்க முடியாத 160 பாயிண்ட் சொல்லுக்கு முன்னால் எந்தக் கணிதமும் தோற்றுத்தான் போகும்.

சொல்லை உடைப்பது என்றதும் அழகைக் கெடுப்பது என்று நினைக்கும் பதிப்பாளர்கள் உண்டு. தமிழ் எழுத்தின் வரலாறு அதற்கு ஆதரவாக இல்லை. ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே வெளியே கிடையாது. ஓலை முடியும் இடத்தில் வரி முடியும், சொல்லின் மிச்சம் அடுத்த வரியில் தொடரும். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்திலும் பத்திரிகைகளின் குறுகிய பத்திகளில் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை மடக்குவது சகஜமாக இருந்தது. தமிழ் வாசகரின் கண் அதற்குப் பழகிய கண். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எங்கே உடைப்பது என்று அகராதி பார்க்க வேண்டும். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

விதி சுருக்கமானது. மெய்யெழுத்து முந்தைய எழுத்தோடு போகும். வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து வரக்கூடாது. 'மரத்தடி' என்பது 'மரத்' என்றும் 'தடி' என்றும் பிரியலாம். 'மர' என்று முடிந்து 'த்தடி' என்று தொடங்கக்கூடாது. 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவை உடையாமல் முழுதாக இருக்க வேண்டும். ஒற்றையெழுத்து எதுவும் தனியே ஒரு பக்கம் தொங்கக்கூடாது. இரு புறமும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று எழுத்துகள் நிற்பது நல்லது. சொல்லின் உறுப்புகள் சேரும் இடத்தில், அதாவது 'பார்த்துக்' என்பதற்கும் 'கொண்டிருந்தவர்களுக்கு' என்பதற்கும் நடுவே விழும் முறிவு எல்லாவற்றிலும் சிறந்தது.

விதிக்கு உட்பட்ட முறிவுகளிலும் சில, படிப்பவரைத் தடுமாற வைக்கும். 'பெண்களை' என்ற சொல் 'பெண்' என்று வரிக்கடைசியிலும் 'களை' என்று அடுத்த வரியிலும் நின்றால், கண் ஒரு கணம் வயலுக்குப் போய்த் திரும்பும். 'தலைவர்' என்பது 'தலை' என்று முடிவதும் இதே வகை. இணைப்புக்கோடு போடாமல் உடைக்கும் பதிப்பகத்தில் இந்த ஆபத்து அதிகம். ஏனென்றால் சொல் முடியவில்லை என்பதற்கு அங்கே எந்தச் சைகையும் இல்லை. கோடு போடுவதா வேண்டாமா என்பது பதிப்பக மரபைப் பொறுத்தது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே நாவலில் இரண்டும் கலந்து வருவதற்கு எந்த நியாயமும் இல்லை. இன்டிசைனில் கோடு தோன்றாத முறிவு வேண்டுமென்றால் குறிப்பிட்ட இடத்தில் `Discretionary Line Break` என்ற மறைகுறியை வைக்கலாம். வரி பின்னால் மாறிப்போனாலும் அது எந்தத் தடயமும் விடாது. அவசரத்தில் வடிவமைப்பாளர் நிஜமான கோட்டையே தட்டிவிட்டால் அது ஆபத்து. திருத்தத்தில் வரி நகரும்போது சொல் வரியின் நடுவுக்கு வந்துவிடும். கோடும் கூடவே வந்து நிற்கும்.

அடுத்தடுத்து எத்தனை வரிகள் உடைந்த சொல்லோடு முடியலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். ஆங்கிலப் பதிப்பில் இரண்டு, மூன்று என்பார்கள். தமிழில் இரண்டோடு நிறுத்தப் பார்த்து, வெளிகள் மிக மோசமானால் மூன்றாவதை அனுமதிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வலதுபக்கத்தின் கடைசி வரி மட்டும் உடைந்த சொல்லோடு முடியவே கூடாது. தாளைப் புரட்டும் நேரத்துக்குப் பாதிச் சொல்லைக் கையில் பிடித்திருக்கும்படி வாசகரைக் கேட்பது அதிகம்.

சொல்வெளியின் எல்லைகளை மென்பொருளில் நூற்றுவீதத்தில் குறிக்கிறார்கள். இன்டிசைன் தானாகக் கொண்டுவரும் அளவு, குறைந்தது 80, விரும்பத்தக்கது 100, அதிகபட்சம் 133. இவை எழுத்துருவில் உள்ள வெளியின் அகலத்தை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. ஆகவே எழுத்துருவின் வெளியே அகலமாக இருந்தால் 100 என்பதும் அகலம்தான். அப்படிப்பட்ட எழுத்துருவில் விரும்பத்தக்க அளவை 85, 90 என்று இறக்கிவிட்டால் நாவல் முழுவதும் ஒரே நாளில் அடர்த்தியாகிவிடும். குறைந்தபட்ச அளவை 75க்கும் கீழே தள்ளுவது வேறு தொல்லை. தமிழில் 'ா', 'ர்' போன்ற ஒடுங்கிய உருவங்கள் சொல்லின் இறுதியில் வரும்போது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதிகபட்ச அளவு வேலியே அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேறு வழி இல்லாதபோது மென்பொருள் அதை மீறத்தான் செய்யும். வரியை நேராக்குவதே அதற்கு இடப்பட்ட முதல் கட்டளை.

மீறிய வரிகளை அதுவே காட்டியும் கொடுக்கும். அமைப்புகளில் `H&J Violations` என்பதை இயக்கினால், எல்லை தாண்டிய வரிகள் மஞ்சள் பின்னணியில் தெரியும். மீறல் அதிகமாக அதிகமாக மஞ்சளும் அழுத்தமாகும். ஒரு பாரத்தை, அதாவது 16 பக்கங்களை, இப்படித் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பது சரிபார்ப்பின் மிக லாபமான ஐந்து நிமிடம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகள் மஞ்சளாக இருந்தால் குறை அந்தந்த வரியில். பக்கம் பாதி மஞ்சளாக இருந்தால் குறை அடிப்படையில். அப்போது வரிவரியாகத் திருத்தத் தொடங்குவது வீண்வேலை. மொழிக் குறிப்பு, முறிவு அனுமதி, எழுத்தின் அளவு, வரியின் நீளம் இவற்றில் ஒன்றை மாற்றி எல்லாப் பக்கங்களையும் மறுபடி ஓடவிட வேண்டும். 11 பாயிண்டிலிருந்து 10.5-க்கு இறங்குவது வரிக்கு ஏறத்தாழ கால் சொல் கூடுதல் இடம் தரும். வயதான வாசகர்களை நினைத்தால் அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

சொல்வெளியைக் காப்பாற்ற எழுத்து இடைவெளியை நீட்டலாமே என்று தோன்றும். ஆங்கிலத்தில் சிறு அளவில் அது செல்லுபடியாகும். தமிழில் அது எழுத்தையே பிரித்துவிடும். 'கொ' என்பது கண்ணுக்கு மூன்று உருவங்கள். அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகினால் கொம்பு முந்தைய எழுத்தின் பின்னால் போய் ஒட்டுவதுபோலவும், கால் தனியே நிற்கும் 'ர' போலவும் தெரியும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இந்த மூன்றும் உண்மையிலேயே மூன்று தனி எழுத்துகளாகப் பதிவானவை. ஆகவே அங்கே பிளவு தவிர்க்க முடியாதது. எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்தில் வைப்பதே பாதுகாப்பு. எழுத்தின் அகலத்தை 98 முதல் 102 விழுக்காடு வரை மாற விடுவது கண்ணுக்குத் தெரியாது. அது தரும் ஐந்து, ஆறு பாயிண்ட் பல வரிகளைக் காப்பாற்றும். அதற்கு மேல் போனால் ஒரே பக்கத்தில் மெலிந்த 'ண'வும் பருத்த 'ண'வும் அருகருகே நிற்கும்.

பழைய எழுத்துருவில் தட்டச்சான கையெழுத்துப் பிரதி என்றால் இன்னொரு சோதனையும் தேவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த அந்த எழுத்துருக்களை மென்பொருள் ஆங்கிலம் என்றே நம்பும். ஆங்கில விதிப்படி உடைக்கவும் செய்யும். வரிக்கடைசியில் தனித்து நிற்கும் கொம்பு, வரித்தொடக்கத்தில் தனித்து நிற்கும் கால், இவை இரண்டும் அதன் அடையாளம். ஒன்று கண்ணில் பட்டாலே நாவலில் நூறு இருக்கும் என்று கொள்ளலாம். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பக்கங்களை மறுபடி அமைப்பதுதான் மாற்று.

வெளியின் ஒழுங்கைக் கெடுப்பவற்றில் பாதி கையெழுத்துப் பிரதியிலிருந்தே வருகின்றன. இரட்டை வெளிகள் அதில் எளியவை. தேடி மாற்றினால் போய்விடும். முற்றுப்புள்ளிக்கு முன் வெளி விட்டுத் தட்டுகிறவர்களின் பிரதியில் புள்ளி மட்டும் அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். நாவலாசிரியர்களுக்குப் பிரியமான மூன்று புள்ளிகள் இன்னும் பெரிய குறும்பு செய்கின்றன. இரு பக்கமும் வெளி விடாமல் 'போகலாம்...ஆனால்...எப்படி' என்று எழுதினால், சில அமைப்புகளில் மென்பொருளுக்கு அது முழுவதும் ஒரே சொல். அந்தச் சொல் கீழே இறங்கும்போது மேல்வரி கந்தலாகிறது. புள்ளிகளுக்குப் பின் ஒரு வெளி விடுவது என்று நாவல் முழுவதற்கும் ஒரே முறையை வைத்தால் இந்த வரிகள் தாமாகவே சீராகும்.

வரியின் நடுவே கட்டாயமாகப் போட்ட முறிவு வேறு வகைத் தடயம் விடும். எங்கோ ஒரு திருத்தத்தின்போது வடிவமைப்பாளர் ஒரு சொல்லைக் கீழே தள்ள ஷிஃப்ட்டோடு என்டர் தட்டியிருப்பார். பின்னால் பத்தி மாறியபின் அந்த முறிவு வரியின் பாதியில் வந்து நிற்கும். இரு விளிம்பும் நேராக்கப்பட்ட பத்தியில், அப்படி முறிந்த வரியும் முழு அகலத்துக்கு இழுக்கப்படும். இரண்டே சொற்கள், ஒன்று இடது ஓரத்தில், மற்றது வலது ஓரத்தில். எதிரெதிர் திண்ணையில் பேச்சு முறிந்து உட்கார்ந்த பங்காளிகளைப் போல. இதைப் பார்த்தவுடன் சொல்வெளி அமைப்பைக் குறை சொல்லக்கூடாது. மறைகுறிகளைத் திரையில் காட்டச் செய்து அந்த முறிவை அழித்தால் போதும். இணையத்திலிருந்து ஒட்டிய பகுதிகளில் கண்ணுக்குத் தெரியாத சுழி அகல வெளிகளும் ஒளிந்திருக்கும். விதிக்குப் பொருந்தாத இடத்தில் சொல் உடைந்திருந்தால் முதலில் அவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதலெழுத்தும் பெயரும் பிரியாமலிருக்க இடையே பிரியா வெளி வைப்பது நல்ல பழக்கம். அதில் இரண்டு வகை உண்டு: வரியோடு சேர்ந்து நீளக்கூடியது, நீளாமல் ஒரே அளவில் நிற்பது. 'தி. ஜானகிராமன்' என்ற பெயரில் நீளாத வகையை வைத்தால், தளர்ந்த வரியில் அந்த இடம் மட்டும் இறுகித் தெரியும். நாவலின் முக்கியப் பாத்திரத்துக்கு முதலெழுத்து இருந்துவிட்டால் இது நூற்றுக்கணக்கான வரிகளில் வரும்.

சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா என்ற தமிழின் தீராத வழக்கும் பக்கத்தின் வெளியைப் பாதிக்கிறது. 'பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு' என்று பிரித்தெழுதும் பதிப்பகத்தின் வரிகள், சேர்த்தெழுதும் பதிப்பகத்தின் வரிகளைவிட எளிதில் சீராகும். ஆனால் ஒரு வரியைக் காப்பாற்ற அந்த இடத்தில் மட்டும் பிரிப்பது பிழை. 'வந்துவிட்டான்' என்பதில் வந்தது முடிந்துவிட்டது என்ற பொருள் இருக்கிறது. பிரித்தால், வந்தபின் எதையோ விட்டான் என்று படிக்க இடமாகிறது. இந்த முடிவு பிரதியைச் செம்மைப்படுத்தும்போதே எடுக்க வேண்டியது. பக்கம் பார்ப்பவர் அதில் கைவைக்கலாகாது. சீரற்ற இடங்களைக் குறித்து ஆசிரியரிடம் அனுப்பலாம்.

அடிப்படை சீரானபின்தான் தாளில் அச்செடுத்துப் பார்க்க வேண்டும். உண்மையான அளவில், முடிந்தால் நாவல் அச்சாகப்போகும் அதே வகைத் தாளில், இருபுறமும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லா வெளியும் பள்ளமாகத் தோன்றும். சிறிதாக்கினால் எல்லாம் சரியாகத் தோன்றும். முதல் சுற்றில் எதையும் வாசிக்கக்கூடாது. தாளைத் தலைகீழாகப் பிடித்துக் கை நீளத்தில் வைத்து, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் சொற்கள் மறைந்து சாம்பல் நிறப் பரப்பு மட்டும் தெரியும். அதில் வெளுத்த பட்டையாகத் தெரிவது தளர்ந்த வரி. கறுத்த பட்டை நெரிந்த வரி. தளர்ந்த வரிக்கு அடுத்தே நெரிந்த வரி வருவதுதான் இரண்டையும் உறுத்த வைக்கிறது. தனித்தனியே இருந்தால் இரண்டுமே மன்னிக்கத் தக்கவை. மூன்று, நான்கு வரிகளின் வெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு ஓடினால் அதுவும் இந்தச் சுற்றில்தான் தெரியும். ஒரு வரியில் ஒரு சொல்லை நகர்த்தினாலே அந்தக் கோடு அறுந்துவிடும்.

வரிகளுக்கு இடையிலான தூரமும் சொல்வெளியும் தனித்தனி விஷயங்கள் அல்ல. சொல்வெளி வரிவெளியைவிடப் பெரிதாகிவிட்டால், கண் பக்கத்துச் சொல்லுக்குப் போவதற்குப் பதில் கீழ்வரிக்கு இறங்கப் பார்க்கும். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே 'ழூ', 'ஞ', 'து' போன்றவற்றின் இறக்கங்களும் உண்டு. 11 பாயிண்ட் எழுத்துக்கு 13 பாயிண்ட் வரித்தூரம் வைத்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். 15 பாயிண்ட் இதமானது. அந்தக் கணக்கில் டெமி பக்கத்தில் 31 வரிகள் வரும். பக்கங்களைக் குறைத்துத் தாள் செலவை மிச்சப்படுத்த முதலில் இங்கேதான் கைவைக்கிறார்கள். அரை பாயிண்ட் குறைப்பதால் 288 பக்க நாவலில் ஒன்பது, பத்துப் பக்கம் மிச்சமாகும். ஒரு முழுப் பாரம்கூடக் குறையாது. அதற்காகப் பக்கத்தின் மூச்சை இறுக்குவது நஷ்டக் கணக்கு.

எல்லாப் பக்கங்களிலும் வரிகள் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்பதைத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அறியலாம். முன்பக்க வரியின் மேலேயே பின்பக்க வரியும் விழ வேண்டும். விழாவிட்டால், 60, 70 ஜிஎஸ்எம் தாளில் பின்புற எழுத்து வரிகளுக்கு நடுவே நிழலாடி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் அழுக்காகத் தெரியும். இந்த ஒழுங்கைக் கெடுப்பவை பெரும்பாலும் இடைவெளிகள்தான். காட்சி மாறும் இடத்தில் ஒரு முழு வரி விட்டால் கணக்கு நிற்கும்; 'அழகாக இருக்கட்டும்' என்று பத்து பாயிண்ட் விட்டால் அங்கிருந்து பக்கம் முழுதும் பிசகும். பத்தித் தொடக்கத்தில் உள்ளிழுப்பு இருக்கும்போது பத்திகளுக்கு நடுவே மேலும் வெளி விடுவதும் இதே குறை. பக்கத்தின் அடி சமமாக முடிய வேண்டுமென்று வரித்தூரத்தைத் தானாக நீட்ட விடும் வசதியை நாவலுக்கு அணைத்தே வைக்க வேண்டும்.

பக்கத்தின் தலையில் முந்தைய பத்தியின் கடைசி வரி மட்டும் ஏறி நிற்பது அடுத்த தொல்லை. உரையாடல் மிகுந்த நாவலில் பத்திகளே ஒற்றை வரியாக இருப்பதால் இதை முற்றிலும் ஒழிக்க முடியாது. பக்கத் தலையில் முழு வரியாக ஓர் உரையாடல் நிற்பது உறுத்தாது, 'தான்.' என்ற ஒற்றைச் சொல் நிற்பது உறுத்தும். அந்தச் சொல்லுக்கு 27 பாயிண்ட் இடம் வேண்டும். ஏழெட்டு வரிப் பத்தி என்றால் சொல்வெளிகளைச் சற்றே இறுக்கி அதை மேலே இழுத்துவிடலாம். முந்தைய வரிகள் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் முடியாது. அப்போது எதிர்த்திசை நல்லது. பத்தியைத் தளர்த்தி இன்னும் இரண்டு சொற்களைக் கடைசி வரிக்கு இறக்கினால் ஒற்றைச் சொல் அரை வரியாகிறது. அதுவும் இயலாதபோது, எதிரெதிரே விரியும் இரு பக்கங்களையும் 30 வரிகளாகக் குறைக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் குறைத்தால் விரித்த புத்தகத்தில் அடி ஏற்ற இறக்கமாகத் தெரியும். இரண்டையும் குறைத்தால் எவரும் காண்பதில்லை. ஓர் அத்தியாயம் இரண்டே வரியில் முடிந்து மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தால், அந்த அத்தியாயத்துக்குள்ளேயே இரண்டு வரி குறையும் பத்திகளைத் தேட வேண்டும்.

குறிப்புகளைப் பக்க எண், வரி எண்ணோடு எழுதுவது போதாது. எந்த வகைக் குறை என்பதையும் எழுத வேண்டும். 'வெளி அதிகம்' என்று மட்டும் எழுதினால் வடிவமைப்பாளர் எழுத்துகளை நீட்டி வைத்துவிடுவார். '84, 12ஆம் வரி, கடைசிச் சொல்லை "பார்த்துக்" என்று உடைக்கவும்' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. திருத்தங்களைப் பத்தியின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிச் செய்யக்கூடாது. மேலே ஒரு சொல் நகர்ந்தால் கீழே செய்த வேலை எல்லாம் கலைந்துவிடும்.

திருத்திய கோப்பு திரும்பி வந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் பழைய அச்சோடு ஒப்பிட வேண்டும். கடைசி வரி அதே சொல்லில் முடிந்தால் அந்தப் பக்கத்தில் திருத்திய பத்திகளை மட்டும் பார்த்தால் போதும். மாறியிருந்தால் அங்கிருந்து அத்தியாயம் முடியும்வரை ஒவ்வொரு வரியையும் புதிதாகப் பார்க்க வேண்டும். அடுத்த அத்தியாயம் புதுப்பக்கத்தில் தொடங்குவதால், பக்கங்களின் எண்ணிக்கை மாறாதவரை நகர்வு அங்கே நின்றுவிடும்.